ஒதுங்குவதும் ஒதுக்கப்படுவதும்

2021 மார்ச் 1 அன்று இரவு, சி.என்.என். தொலைக்காட்சியில் தன் நிகழ்ச்சியைத் தொடங்கியபோது கிறிஸ் குவோமோ நேயர்களுக்கு ஒரு விளக்கம் கொடுத்தார். நியூயார்க் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ மீது பெண்கள் சுமத்தும் பாலியல் அத்துமீறல் புகார்கள் தனக்குத் தெரியும் என்றார். ஆளுநர் தன் அண்ணன் என்பதால் அந்தச் செய்தியைத் தான் கையாள முடியாது, நிறுவனத்தில் மற்றவர்கள் அதை விரிவாகக் கவனிப்பார்கள் என்றும் சொன்னார். அமெரிக்காவில் மாநில ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். நம்மூர்க் கணக்கில் அவரை முதலமைச்சருக்கு நிகராக வைக்கலாம். முதலமைச்சரின் தம்பி நாட்டின் பெரிய செய்தித் தொலைக்காட்சியில் இரவு 9 மணி நிகழ்ச்சியை நடத்துகிறார். அண்ணன் மீது புகார் வந்ததும் ஒதுங்கிக்கொள்வதாக அறிவிக்கிறார். அந்த இரவில் அதைக் கேட்டவர்களுக்கு நேர்மையான நடத்தையாகவே பட்டிருக்கும்.

அந்த அறிவிப்புக்கு முன்பும் பின்பும் நடந்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் செய்தியாளர் ஒதுங்குவது என்பது எவ்வளவு சிக்கலான காரியம் என்று புரிகிறது.

முன்பு நடந்தது இது. கிறிஸ் தன் அண்ணனைப் பேட்டி எடுக்கக் கூடாது, அவரைப் பற்றிய செய்திகளைக் கையாளக் கூடாது என்று சி.என்.என். 2013-லேயே விதி வைத்திருந்தது. 2020 வசந்தத்தில் கொரோனா நியூயார்க்கைச் சூறையாடிக்கொண்டிருந்தபோது அந்த விதி தளர்த்தப்பட்டது. மார்ச் முதல் ஜூன் வரை ஆளுநர் பலமுறை தம்பியின் நிகழ்ச்சிக்கு வந்தார். அம்மாவுக்கு யார் செல்லப்பிள்ளை என்று இருவரும் சீண்டிக்கொண்டார்கள். மூக்கில் விட்டுப் பரிசோதிக்கும் பஞ்சுக் குச்சியை மிகப் பெரிதாகச் செய்துவந்து தம்பி அண்ணனைக் கிண்டல் செய்தார். நேயர்கள் ரசித்தார்கள். அதே மாதங்களில் நியூயார்க்கின் முதியோர் இல்லங்களில் மரணங்கள் குவிந்தன. கொரோனா தொற்று இருக்கிறது என்பதற்காக மட்டும் நோயாளிகளை அந்த இல்லங்கள் ஏற்க மறுக்கக் கூடாது என்று ஆளுநரின் நிர்வாகம் மார்ச் 25 அன்று கொடுத்த உத்தரவு கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. நாட்டிலேயே கடுமையான கேள்விகளை எதிர்கொள்ள வேண்டிய ஒரு நிர்வாகத்தின் தலைவர், நாட்டிலேயே அவரிடம் கடுமையாக இருக்கவே முடியாத ஒருவர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

பின்பு நடந்தது இன்னும் மோசம். திரையில் ஒதுங்கிக்கொண்ட கிறிஸ், புகார்களை எப்படிச் சமாளிப்பது என்று ஆளுநரின் ஆலோசகர்கள் நடத்திய தொலைபேசிக் கூட்டங்களில் கலந்துகொண்டிருந்தார். 2021 மே 20 அன்று வாஷிங்டன் போஸ்ட் அதை வெளிக்கொண்டுவந்தது. அது பொருத்தமற்ற செயல் என்று சி.என்.என். ஒப்புக்கொண்டதே தவிர நடவடிக்கை எடுக்கவில்லை. ஆகஸ்ட் 3 அன்று மாநில அட்டர்னி ஜெனரல் லெட்டிஷியா ஜேம்ஸ் அறிக்கை வெளியிட்டார். ஆளுநர் 11 பெண்களிடம் பாலியல்ரீதியாகத் தவறாக நடந்துகொண்டார் என்றது அந்த அறிக்கை. ஆளுநர் அதை மறுத்தார், ஆனாலும் அந்த மாதமே பதவி விலகினார். நவம்பர் 29 அன்று விசாரணை ஆவணங்கள் வெளியாயின. அண்ணனைப் பற்றி மற்ற பத்திரிகைகளில் என்ன வரப்போகிறது என்று கிறிஸ் தனக்குத் தெரிந்த பத்திரிகை வட்டாரங்களில் விசாரித்து ஆளுநர் தரப்புக்குச் சொல்லியிருந்ததும், புகார் சொன்ன பெண் ஒருவரைப் பற்றித் துப்புக் கிடைத்திருப்பதாக ஆளுநரின் உதவியாளருக்குச் செய்தி அனுப்பியிருந்ததும் அவற்றில் இருந்தன. மறுநாள் இடைநீக்கம். கூடுதல் தகவல்கள் கிடைத்திருப்பதாகச் சொல்லி டிசம்பர் 4 அன்று நிறுவனம் அவரை வேலையிலிருந்தே நீக்கியது.

கிறிஸ் குவோமோ ஒதுங்கினார் என்பது பாதிதான் உண்மை. அவர் ஒதுங்கியது ஒரே ஒரு வாசலிலிருந்து: திரையில் தன் வாயால் அண்ணனைப் பற்றிப் பேசுவதிலிருந்து. ஒரு செய்தி உருவாகும் பாதையில் இன்னும் பல வாசல்கள் இருக்கின்றன. எதைத் துருவுவது என்று காலைக் கூட்டத்தில் முடிவாகிறது. யாரை அனுப்புவது என்று தலைமைச் செய்தியாளர் சொல்கிறார். குறிப்புகளும் தொடர்பு எண்களும் கைமாறுகின்றன. டெஸ்க்கில் வெட்டித் திருத்தித் தலைப்பு வைக்கிறார்கள். முதல் பக்கமா எட்டாம் பக்கமா என்று இரவில் தீர்மானமாகிறது. இவ்வளவுக்கும் நடுவே, நாளை என்ன வரப்போகிறது என்பதை அறிந்திருக்கும் அறிவே ஒரு சொத்து. அதை வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியும். ஒதுங்குகிறவர் இந்த எல்லா வாசல்களிலிருந்தும் ஒதுங்க வேண்டும். எழுதாமல் இருந்தால் மட்டும் போதும் என்று நினைப்பதுதான் செய்தி அறைகளில் மிகப் பரவலாக இருக்கும் பிழை.

முறையாக ஒதுங்குவது எப்படி என்பதற்கு மிஷெல் நாரிஸ் செய்ததைச் சொல்லலாம். அமெரிக்காவின் பொது வானொலியான என்.பி.ஆரில் மாலைச் செய்தி நிகழ்ச்சியின் தொகுப்பாளராக இருந்தவர் அவர். 2011 அக்டோபரில் அவருடைய கணவர், ஒபாமாவின் மறுதேர்தல் பிரச்சாரத்தில் மூத்த ஆலோசகராகச் சேர்ந்தார். ஒபாமா பற்றிய செய்திகளை மட்டும் தவிர்க்கிறேன் என்று நாரிஸ் சொல்லியிருக்கலாம். தினமும் இரண்டு மணி நேரம் நாட்டு நடப்பைப் பேசும் நிகழ்ச்சியில், தேர்தல் ஆண்டில், ஒபாமாவைத் தொடாத செய்தி என்று எதைப் பிரிப்பது? அவர் தொகுப்பாளர் இருக்கையிலிருந்தே எழுந்துவிட்டார். தேர்தல் செய்திகள் எதிலும் கைவைப்பதில்லை என்று நேயர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். தேர்தல் முடிந்து 2013-ல் அவர் திரும்பி வந்தபோது பழைய இருக்கைக்கு வரவில்லை, வேறு பொறுப்பில் சேர்ந்தார். கணவர் எடுத்த வேலைக்கு மனைவி கொடுத்த விலை அது. இந்த விலையைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்களாகவே இருக்கிறார்கள் என்பது எனக்கு உறுத்துகிறது. அதற்காக முறை தவறாகிவிடாது. ஒதுங்கியவருக்குச் சமமான வேறு பணியை நிறுவனம் தரக் கடமைப்பட்டிருக்கிறது என்பதுதான் அதிலிருந்து வரும் முடிவு. ஒதுங்கினால் வேலை போகும் என்று தெரிந்தால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

எவ்வளவு தூரத்து உறவு வரை இந்தக் கணக்கு? கணவன், மனைவி, பெற்றோர், உடன்பிறப்பு, பிள்ளைகள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பங்குச் சந்தைச் செய்திகளில் விதிகள் ஓரளவு கறாராகவே எழுதப்பட்டிருக்கின்றன. பிரிட்டனின் பத்திரிகை நெறிமுறைப்படி, தனக்கோ தன் நெருங்கிய குடும்பத்தாருக்கோ கணிசமான லாப நட்டம் இருப்பதாகத் தெரிந்த பங்குகளைப் பற்றி எழுதும் முன் செய்தியாளர் அதை ஆசிரியரிடம் சொல்லியாக வேண்டும். இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறை இதைவிடக் கண்டிப்பானது: ஒரு நிறுவனத்தில் பங்கு வைத்திருக்கும் செய்தியாளர் அந்த நிறுவனத்தைப் பற்றிச் செய்தி எழுதவே கூடாது. பணம் என்றால் விதி எழுதுவது சுலபம். பதவி, கௌரவம், வழக்கு, பகை என்று வரும்போது உறவின் பெயர் உதவாது. பேச்சுவார்த்தையே இல்லாத உடன்பிறந்த அண்ணனைவிட, வாரம் ஒருமுறை வீட்டில் சாப்பிடும் ஒன்றுவிட்ட சித்தப்பா நெருக்கமானவராக இருக்கலாம். இரண்டு கேள்விகளை நான் நம்புகிறேன். இந்தச் செய்தியால் அந்த உறவினரின் பணமோ பதவியோ நல்ல பெயரோ கூடுமா, குறையுமா? இந்தச் செய்தி வந்த மறுநாள் அவரை எதிரில் பார்க்கும்போது அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்குமா? இரண்டுக்கும் ஆம் என்றால் உறவு எத்தனையாவது படி என்று எண்ண வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல், செய்தி வளர்ந்துகொண்டே போகும் என்பது. என்.பி.சி. தொலைக்காட்சியின் ஆண்ட்ரியா மிட்செல், அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பானை 1997-ல் மணந்தார். மிட்செலின் களம் வெளியுறவும் அரசியலும், கணவரின் களம் வட்டி விகிதமும் பொருளாதாரமும். நடுவே ஒரு வேலி இருந்தது, பல ஆண்டுகள் அது நின்றது. 2006-ல் கிரீன்ஸ்பான் ஓய்வுபெற்றார். 2008-ல் நிதி நெருக்கடி வெடித்தபோது, அவர் காலத்து வட்டிக் கொள்கையும் வங்கிகள் மீது அவர் காட்டிய தளர்வும்தான் காரணம் என்ற வாதம் நாடெங்கும் எழுந்தது. அந்த ஆண்டு மிட்செல் அதிபர் தேர்தலைப் பற்றிச் செய்தி தந்துகொண்டிருந்தார். தேர்தலோ முழுக்கப் பொருளாதாரமாகிவிட்டது. அவர் வேலியைத் தாண்டிப் போகவில்லை, செய்திதான் வேலியைத் தாண்டி வந்தது. ஒதுங்கும் ஏற்பாட்டை ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடக் கூடாது, செய்தி திசை மாறும்போதெல்லாம் எல்லையைத் திரும்பப் போட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நம்மூர் அளவில் ஒரு நிலைமையைக் கற்பனையாக வைத்துப் பார்ப்போம். ஒரு மாவட்டத் தலைநகரில் நாளிதழின் நகராட்சிச் செய்திகளைக் கவனிக்கும் நிருபர். அவருடைய அக்கா கணவர் ஒப்பந்ததாரர். இதுவரை நெடுஞ்சாலை வேலைகளை மட்டும் எடுத்தவர், இப்போது நகராட்சியின் குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலைக்கு டெண்டர் போடுகிறார். நிருபர் எப்போது வாய் திறக்க வேண்டும்? வேலை கிடைத்த பிறகு அல்ல, குழாய் உடைந்து ஊரே தெருவில் நின்ற பிறகும் அல்ல. மச்சான் டெண்டர் போடப்போகிறார் என்று தெரிந்த நாளிலேயே சொல்ல வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. மாவட்டப் பொறுப்பாளருக்கு நான்கு வரி எழுதி, நகலைத் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்புவதே முறை. அதில் உறவு, வேலை, தேதி மூன்றும் இருந்தால் போதும்.

அடுத்தது, எதையெல்லாம் விட்டுக்கொடுப்பது. டெண்டர், அதன் பில், தரச் சோதனை ஆகியவற்றை விடுவது எல்லோருக்கும் தோன்றும். போட்டி ஒப்பந்ததாரர் போட்ட ரோடு மூன்றே மாதத்தில் பெயர்ந்துபோனது என்ற செய்தி? அது முழுக்க உண்மையாக இருக்கலாம். ஆனாலும் மச்சானின் போட்டியாளரை அடிக்கும் செய்தி மச்சானுக்கு லாபம். அதையும் விட்டுவிட வேண்டும். பில்லுக்குக் கையெழுத்துப் போடும் நகராட்சிப் பொறியாளர் மீது வரும் லஞ்சப் புகார்? அதுவும் அப்படித்தான். அந்தப் பொறியாளரைப் பகைத்தாலும் அணைத்தாலும் அக்கா வீட்டைத் தொடும். சொத்து வரி உயர்வு, பேருந்து நிலைய இடமாற்றம், நாய்த்தொல்லை போன்றவற்றை அவர் தொடர்ந்து எழுதலாம். மொத்த நகராட்சியையும் பிடுங்கிக்கொள்வது தேவையற்ற தண்டனை.

அந்த ஊரில் அந்தப் பத்திரிகைக்கு வேறு நிருபரே இல்லை என்றால்? சிறிய ஊர்களில் இதுதான் நிஜ நிலைமை. எழுதப்பட்ட நெறிமுறைகளில் பல, பெரிய செய்தி அறைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அத்தகைய இடத்தில், கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானம், ஒப்பந்தத் தொகை, தேதி என்று பதிவேட்டில் இருப்பதை மட்டும் அவர் அப்படியே அனுப்பலாம். எழுதுவது தலைமை அலுவலக டெஸ்க்காக இருக்கட்டும். குறை, புகார், விசாரணை என்று ஏதாவது வந்தால் பக்கத்து ஊர் நிருபர் வரட்டும். வருபவருக்கு இவர் தொலைபேசி எண்களைக் கொடுக்கலாம், கருத்துக் கொடுக்கக் கூடாது. செய்தியின் அடியில் உறவை ஒரு வரியில் சொல்லிவிடுவது வாசகருக்குச் செய்யும் மரியாதை. தமிழ்ப் பத்திரிகைகளில் அப்படி ஒரு வரி வருவது மிக அரிது. அதைச் சொன்னால் நம்பிக்கை போய்விடும் என்ற பயம் காரணமாக இருக்கலாம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த உறவைப் பத்திரிகை மட்டும் மறைத்தால்தான் நம்பிக்கை போகிறது.

ஏற்பாடு ஒழுகுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எழுதிய வரிகளில் தேடினால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. எழுதப்படாமல் போனவற்றில் தேட வேண்டும். மற்ற மூன்று பத்திரிகைகளில் குழாய் உடைந்த செய்தி வந்து, நம் பத்திரிகையில் வராமல் போனால் அது அடையாளம். ஒப்பந்ததாரரின் பெயர் எல்லா வேலைகளிலும் வந்து, இந்த ஒரு வேலையில் மட்டும் ‘தனியார் நிறுவனம்’ என்று வந்தால் அதுவும் அடையாளம். பக்கத்து ஊர் நிருபர் வந்து விசாரிக்கும் முன்பே ஒப்பந்ததாரர் பதில் தயாராக வைத்திருந்தால், கிறிஸ் குவோமோ செய்தது இங்கும் நடக்கிறது என்று பொருள்.

உறவினரின் நலன் குறுக்கிடும்போது ஒதுங்குவது வேலை செய்கிறது. அதற்கு ஒரே காரணம், அந்தப் பிணைப்பு ஒருவருக்கு மட்டுமே உரியது. அவர் நகர்ந்தால் அடுத்த மேசையில் இருப்பவர் அந்தச் செய்தியைச் சுதந்திரமாக எழுத முடியும். முதலாளியின் நலன் குறுக்கிடும்போது அடுத்த மேசையில் இருப்பவருக்கும் அதே முதலாளி, அதே சம்பளம். ஒருவர் ஒதுங்கினால் சிக்கல் தீர்வதில்லை. எல்லோரும் ஒதுங்கினால் செய்தியே செத்துப்போகும். இந்த இரண்டு நிலைமைகளையும் ஒரே தலைப்பின் கீழ் வைத்து, இரண்டுக்கும் ஒதுங்குவதையே மருந்தாகச் சொல்வது அடிப்படையிலேயே தவறு என்பது என் கருத்து. அதற்குச் சான்றாக லாஸ் வேகஸில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும்.

நெவாடா மாநிலத்தின் மிகப் பெரிய நாளிதழ் லாஸ் வேகஸ் ரிவ்யூ ஜர்னல். 2015 டிசம்பர் 10 அன்று அது 14 கோடி டாலருக்கு விற்கப்பட்டதாக ஊழியர்களிடம் சொன்னார்கள். வாங்கியது யார் என்று சொல்லவில்லை. ஒரு நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தது, அதன் பின்னால் இருப்பவர்களின் பெயர்கள் இல்லை. உரிமையாளர் யார் என்று கவலைப்படாமல் வேலையைப் பாருங்கள் என்று புதிய நிர்வாகத்தின் சார்பில் வந்தவர் சொன்னார். தங்கள் சொந்த முதலாளி யார் என்பதே ஊரின் மிகப் பெரிய செய்தியாகிவிட்டது. ஒதுங்குவதுதான் எப்போதும் சரி என்றால் இந்தச் செய்தியை அந்தப் பத்திரிகையின் நிருபர்கள் தொட்டிருக்கவே கூடாது. அவர்கள் தொட்டார்கள். ஒரு வாரத்துக்குள், வாங்கியது சூதாட்ட விடுதிகளின் அதிபர் ஷெல்டன் அடெல்சனின் குடும்பம் என்றும், அவருடைய மருமகன் பாட்ரிக் டூமாண்ட் வழியாக வாங்கப்பட்டது என்றும் தங்கள் பத்திரிகையிலேயே எழுதினார்கள்.

அதற்கடுத்து அவர்கள் எழுதியது இன்னும் பெரிது. விற்பனைக்கு முந்தைய மாதம், மூன்று நிருபர்களுக்கு மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்திருந்தது. மற்ற வேலைகளை விட்டுவிட்டு, உள்ளூர் நீதிபதிகள் மூவரை இரண்டு வாரம் நீதிமன்றத்தில் உட்கார்ந்து கண்காணிக்க வேண்டும் என்பது உத்தரவு. அந்த மூவரில் ஒருவரான எலிசபெத் கொன்சாலஸ், அடெல்சனின் நிறுவனத்துக்கு எதிராக அதன் முன்னாள் நிர்வாகி தொடுத்த வழக்கை விசாரித்துவந்தவர். நிருபர்கள் எழுதிக் கொடுத்த குறிப்புகள் அவர்கள் பத்திரிகையில் வரவே இல்லை. ஆனால் நவம்பர் இறுதியில், நாட்டின் மறுகோடியில் கனெக்டிகட் மாநிலத்தின் ஒரு சிறிய நாளிதழில், அதே நீதிபதியைக் குறைசொல்லும் கட்டுரை ஒன்று வெளியானது. அந்த நாளிதழின் உரிமையாளர் மைக்கேல் ஷ்ரோடர். லாஸ் வேகஸில் ஊழியர்களிடம் கவலைப்படாதீர்கள் என்று சொன்ன அதே மனிதர். கட்டுரையில் இருந்த எழுத்தாளரின் பெயரில் யாருமே இல்லை என்பதும் பிறகு தெரியவந்தது. தங்களையே கருவியாகப் பயன்படுத்தப் பார்த்த கதையை ரிவ்யூ ஜர்னல் நிருபர்கள் தங்கள் பெயர் போட்டு எழுதினார்கள். ஆசிரியர் மைக் ஹெங்கல் அந்த மாதமே வேலையை விட்டுப் போனார்.

சில மாதங்கள் கழித்து, ஒதுங்குதல் என்ற கருத்தே ஆயுதமாக மாறியது. ஜான் எல். ஸ்மித், அந்தப் பத்திரிகையில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் பத்தி எழுதியவர். லாஸ் வேகஸின் சூதாட்ட அதிபர்களைப் பற்றி அவர் அளவுக்குத் தெரிந்தவர்கள் குறைவு. 2005-ல் அவர் எழுதிய ஒரு புத்தகத்துக்காக அடெல்சன் அவதூறு வழக்குப் போட்டார். மகளின் மூளைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு அலைந்துகொண்டிருந்த நாட்களில் ஸ்மித் அந்த வழக்கால் திவால் மனு கொடுக்க நேர்ந்தது. கடைசியில் வழக்கு கைவிடப்பட்டது. அடெல்சன் குடும்பம் பத்திரிகையின் உரிமையாளராக ஆன பிறகு, 2016-ல், ஸ்மித் இனி அடெல்சனைப் பற்றி எழுதக் கூடாது என்று சொல்லப்பட்டது. பிறகு இன்னொரு சூதாட்ட அதிபரான ஸ்டீவ் வின் பற்றியும் எழுதக் கூடாது என்றார்கள். அவரும் முன்பு ஸ்மித் மீது வழக்குப் போட்டவர். புதிய ஆசிரியர் சொன்ன காரணம், அந்த வழக்குகளால் நலன் முரண்பாடு இருக்கிறது என்பது. ஸ்மித் ஏப்ரலில் விலகினார். ஊரின் பெரும் புள்ளிகளைப் பற்றி எழுத முடியாத பத்தி தனக்குத் தேவையில்லை என்று முடிவெடுத்தார்.

அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பணக்காரர் ஒருவர், தன்னைப் பற்றி எழுதும் செய்தியாளர் மீது வழக்குப் போட்டால் போதும். வழக்கில் தோற்றாலும் சரி, கைவிட்டாலும் சரி, அந்தச் செய்தியாளருக்கு வாழ்நாள் பூட்டு விழுந்துவிடும். ஸ்மித்துக்கு அடெல்சன் மீது மனக்கசப்பு இருந்திருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. மனக்கசப்பு இருக்கும் ஒருவரின் எழுத்தை இன்னொருவர் சரிபார்க்க முடியும், வாசகருக்கு அந்தப் பழைய வழக்கைச் சொல்ல முடியும். ஆனால் இங்கே முரண்பாட்டின் பெரிய முனை பத்திரிகையின் உரிமையாளர் கையில் இருந்தது. அந்த முனையை அப்படியே வைத்துக்கொண்டு, சிறிய முனையில் நின்றவரை வெளியேற்றிவிட்டு, நெறியைக் காப்பாற்றியதாகச் சொன்னார்கள்.

ஆகவே ஒதுங்கச் சொல்லும்போதெல்லாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நான் நகர்ந்த பிறகு இந்தச் செய்தி யார் கைக்குப் போகும்? என்னைப் போலவே விஷயம் தெரிந்த, என்னைவிடச் சுதந்திரமான ஒருவர் கைக்குப் போகும் என்றால் தயங்காமல் நகரலாம். யார் கைக்கும் போகாது என்றால், அது ஒதுங்குவது அல்ல, ஒதுக்கப்படுவது.

ஒரு நிறுவனமே மொத்தமாக ஒதுங்கினால் என்ன ஆகும் என்பதும் பரிசோதிக்கப்பட்டுவிட்டது. 2019 நவம்பரில் மைக்கேல் புளூம்பெர்க் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சி வேட்பாளராக முயன்றபோது, அவருக்குச் சொந்தமான செய்தி நிறுவனத்தின் தலைமை ஆசிரியர் ஜான் மிக்கில்த்வெயிட் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். முதலாளியைப் புலனாய்வு செய்யும் செய்திகள் கிடையாது; நியாயம் கருதி, அவரோடு போட்டியிடும் அதே கட்சியினர் மீதும் கிடையாது. அன்றைய அரசாங்கம் என்ற முறையில் டிரம்ப் நிர்வாகத்தை மட்டும் தொடர்ந்து புலனாய்வு செய்வோம். சமநிலை என்று நினைத்துச் செய்த ஏற்பாடு அது. முதலாளி ஒருவர் களத்தில் இறங்கியதற்காக, அவரோடு சம்பந்தமில்லாத மற்ற வேட்பாளர்களும் கண்காணிப்பிலிருந்து தப்பினார்கள். டிரம்ப் தரப்போ இதைப் பாரபட்சம் என்று சொல்லித் தன் பிரச்சாரக் கூட்டங்களுக்கு அந்த நிறுவனத்தின் நிருபர்களுக்கு அனுமதி அட்டை தர மறுத்தது. அந்தப் போட்டியை எழுத வேண்டிய நிருபர்களுக்குத்தான் வழி அடைபட்டது. 2020 மார்ச்சில் புளூம்பெர்க் போட்டியிலிருந்து விலகும் வரை இதே நிலைதான்.

அப்படியானால் முதலாளியின் நலன் குறுக்கிடும் செய்தியை எப்படித்தான் எழுதுவது? 1999-ல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ் ஒரு வழி கண்டது, பெரும் அவமானத்துக்குப் பிறகு. அந்த ஆண்டு அக்டோபர் 10 அன்று வந்த அதன் ஞாயிறு இதழ் முழுவதும், நகரில் புதிதாகத் திறக்கப்படவிருந்த ஸ்டேபிள்ஸ் சென்டர் என்ற விளையாட்டு அரங்கைப் பற்றியது. அதன் விளம்பர லாபத்தை அரங்க நிறுவனத்தோடு பங்கிட்டுக்கொள்ள நிர்வாகம் ரகசியமாக ஒப்பந்தம் போட்டிருந்தது எழுதியவர்களுக்குத் தெரியாது. தெரிந்தபோது 300-க்கு மேற்பட்ட ஊழியர்கள் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பத்திரிகையின் ஊடக விமர்சகர் டேவிட் ஷா, தன் சொந்த நிறுவனத்தை விசாரித்து எழுத அமர்த்தப்பட்டார். அவர் ஒதுங்கவில்லை, அவருக்கும் முதலாளிக்கும் நடுவே இருந்த படிகள்தான் ஒதுங்கின. ஓய்வுபெற்றுப் போயிருந்த முன்னாள் நிர்வாக ஆசிரியர் ஜார்ஜ் காட்லியரை அழைத்துவந்து அந்தக் கட்டுரையைத் திருத்தும் பொறுப்பைக் கொடுத்தார்கள். வெளியாகும் வரை வெளியீட்டாளரும் ஆசிரியரும் அதைப் பார்க்கக் கூடாது என்று ஏற்பாடு. டிசம்பர் 20 அன்று அது தனி இணைப்பாகவே வந்தது.

இதில் கற்றுக்கொள்ள வேண்டிய நுட்பம், சம்பளத்துக்கும் பதவி உயர்வுக்கும் இனி அந்த முதலாளியை நம்பியிராத ஒருவர் கையில் கடைசிப் பேனாவைக் கொடுத்தது. வெளியிலிருந்து ஒரு ஆசிரியர், எழுத்தில் ஓர் உத்தரவாதம், செய்தியிலேயே உரிமையாளரின் பெயர். பெரிய நிறுவனம் மட்டுமே இதைச் செய்ய முடியும் என்றில்லை. ஓய்வுபெற்ற ஒரு செய்தி ஆசிரியரை ஒரு நாள் அழைப்பது எந்த மாவட்டப் பதிப்புக்கும் முடியும். அதற்கும் நிர்வாகம் மறுத்தால், செய்தியாளரிடம் இருக்கும் கடைசி உரிமை தன் பெயரைத் திரும்பப் பெறுவது. வெட்டிச் சிதைத்த செய்திக்குத் தன் பெயரைப் போடாதீர்கள் என்று எழுதிக் கொடுப்பதும், அசல் வடிவத்தையும் அதைத் தடுத்த உத்தரவின் தேதியையும் தன்னிடம் வைத்துக்கொள்வதும் அந்த உரிமையில் அடங்கும். நிறுத்தப்பட்ட செய்தி ஒருநாள் வெளிச்சத்துக்கு வரவும் கூடும். ஸ்டீவ் வின் மீதான பாலியல் புகார்களைப் பற்றி ரிவ்யூ ஜர்னல் நிருபர் ஒருவர் 1998-ல் எழுதிய செய்தி வெளியாகாமல் நிறுத்தப்பட்டது. 2018-ல் வின் மீது புகார்கள் வெடித்தபோது, 20 ஆண்டுகளுக்கு முன் தான் அந்தச் செய்தியை நிறுத்தியதை அதே பத்திரிகையே விவரமாக வெளியிட்டது.

தமிழ்நாட்டில் முதலாளியின் நலன் என்பது தொலைக்காட்சிகளின் கட்சிச் சார்பாகத்தான் பேசப்படுகிறது. அது எல்லோருக்கும் தெரிந்தது. எந்தச் சேனல் யாருடையது என்று ரிமோட்டைக் கையில் எடுக்கும்போதே நேயருக்குத் தெரியும். தெரியாமல் நடப்பது மாவட்டங்களிலும் வட்டங்களிலும். அங்கே பல பகுதி நேர நிருபர்கள் வாழ்வது செய்திக்குக் கிடைக்கும் சொற்பத் தொகையால் அல்ல, விளம்பரம் பிடித்துக் கொடுத்துப் பெறும் கமிஷனால். பொங்கல் மலர், தீபாவளி மலர், பள்ளி சேர்க்கை மலர் என்று வரும்போது, வாரம் முழுவதும் யாரைப் பற்றிச் செய்தி எழுதினார்களோ அவர்களிடமே போய் விளம்பரம் கேட்க வேண்டியிருக்கிறது. கல்லூரி விடுதியில் உணவு ஒவ்வாமை என்று செய்தி அனுப்பிய கையே, அடுத்த வாரம் அந்தக் கல்லூரியின் கால்பக்க விளம்பரத்துக்கு ரசீது எழுதுகிறது. இந்த நிருபரை ஒதுங்கு என்று சொல்வதில் பொருளே இல்லை. ஊரில் விளம்பரம் தரக்கூடிய ஒவ்வொருவரிடமிருந்தும் அவர் ஒதுங்க வேண்டியிருக்கும். காசு கொடுத்துச் செய்தி வாங்கும் வழக்கம் பற்றி இந்தியப் பத்திரிகை மன்றத்துக்காக 2010-ல் பரஞ்சாய் குஹா தாக்கூர்த்தாவும் கே. சீனிவாச ரெட்டியும் தயாரித்த அறிக்கையும் செய்தியாளர்களின் பணிச் சூழலை இந்தக் கேட்டோடு சேர்த்தே பார்த்தது. கமிஷன் வாங்கும் வேலையும் செய்தி எழுதும் வேலையும் ஒரே ஆளிடம் இருக்கும் வரை, கல்லூரி விடுதியைப் பற்றிய அடுத்த செய்தி வருமா வராதா என்பதை அந்த ரசீதுப் புத்தகம் தீர்மானிக்கும். அந்த இரண்டு வேலைகளையும் பிரிக்க வேண்டியது நிருபரின் மனசாட்சி அல்ல, அவருக்கு மாதச் சம்பளம் கொடுக்காத நிர்வாகம்.